படத்திறப்புக்கு ஒரு நினைவஞ்சலி வீடியோ: எதை எழுதுவது, எங்கே நிறுத்துவது

கேள்வி: அப்பா போய் வருகிற தை மாதத்தோடு ஒரு வருஷம். காலையில் வருஷ திவசம், மாலையில் மண்டபத்தில் படத்திறப்பு. அங்கே போடுவதற்கு ஆறேழு நிமிஷ வீடியோ வேண்டும். ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்தால் 'சரித்திர நாயகன், சகாப்தம்' என்று கட்சி மேடை மாதிரி இருக்கிறது. கடைசியில் அண்ணன் கடையின் விளம்பரம் வேறு. அப்பா பட்டுக்கோட்டைப் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர், அதிகம் பேசாதவர். அவருக்குப் பொருந்துகிற மாதிரி நானே எழுத நினைக்கிறேன். எப்படி எழுதுவது?

பதில்:

ஸ்டுடியோ தந்த தாளைத் திருத்த உட்காராதீர்கள், அதை ஓரமாக வைத்துவிடுங்கள். அதில் அப்பாவின் பெயரை அடித்துவிட்டு வேறு யார் பெயரை எழுதினாலும் அப்படியே பொருந்தும். எழுதியவர் மேல் குற்றமில்லை. அவருக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது, தெரியாதவரைப் பற்றி எழுதும்போது பெரிய பெரிய சொற்கள்தான் கைக்கு வரும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மண்டபத்தில் யார் உட்காரப்போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், கடைவீதிக்காரர்கள், அண்ணனின் நண்பர்கள். ஏறக்குறைய அத்தனை பேருக்கும் அப்பாவைத் தெரியும். அவர் நல்லவர் என்று அவர்களிடம் நிரூபிக்க வேண்டியதில்லை, அறிமுகப்படுத்தவும் வேண்டாம். அவர்கள் மனதில் ஏற்கெனவே இருக்கிற ஆளைச் சில நிமிஷம் எதிரே நிறுத்தினால் போதும். சொல்லை எவ்வளவு குறைப்பது, படத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவது, கடைப் பெயரை எங்கே வைப்பது எல்லாமே இதிலிருந்துதான் முடிவாகும்.

அடக்கமாக எழுதுவது நமக்குப் புதிதும் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்களில் ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் இவ்வளவுதான் வெட்டியிருக்கிறது: 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்.' கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த பேடு தீயன் அந்தவனுக்கு வைத்த கல் என்று பொருள் சொல்கிறார்கள். யார், எந்த ஊர், எதில் இறந்தான் என்பதோடு சரி. வீரன் என்றுகூட ஒரு சொல் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் அந்தப் பெயர் நின்றிருக்கிறது.

எழுதுவதற்கு முன்னால் கேட்டுச் சேகரிக்கிற வேலை இருக்கிறது. நான்கைந்து பேர் போதும். அம்மா, அண்ணன், அப்பாவிடம் வேலை பார்த்த பையன் (இப்போது அவருக்கே ஐம்பது வயது இருக்கலாம்), பக்கத்துக் கடைக்காரர், சின்ன வயசில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்த ஒருவர். 'அப்பா எப்படிப்பட்டவர்?' என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் 'தங்கமான மனுஷன்' என்று ஒரே பதில்தான் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. காலையில் கடைக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார், கோபம் வந்தால் எப்படித் தெரியும், சட்டைப் பையில் என்ன வைத்திருப்பார், உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று கேளுங்கள். அப்படியும் 'தங்கமான மனுஷன்' என்றே வந்தால், 'எப்போ அப்படி நினைச்சீங்க?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சம்பவம் வரும். அதுதான் நமக்கு வேண்டியது. பேசுவதைப் போனில் பதிந்துகொள்ளுங்கள், பிற்பாடு அந்தக் குரலே வீடியோவில் உதவலாம்.

சேர்ந்தவற்றை ஒவ்வொரு வரியாக எடுத்து, இது வேறொருவருடைய அப்பாவுக்கும் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் அந்த வரி வேண்டாம். 'பிள்ளைகளைக் கஷ்டப்பட்டுப் படிக்கவைத்தார்' என்பது உண்மைதான், ஆனால் மண்டபத்தில் இருக்கிற பாதிப் பேருக்கு அது பொருந்தும். படிக்கவைக்க எதை விற்றார், எந்த வேலையைக் கூடுதலாக எடுத்தார் என்று தெரிந்தால் அதை எழுதுங்கள்.

அளவைப் பொறுத்தவரை ஆறேழு நிமிஷம் அதிகம். நாலரை நிமிஷத்தில் நிறுத்துங்கள். படம் திறக்கக் காத்திருக்கும் கூட்டம் அது. நிற்கிறவர்கள் இருப்பார்கள், வயதானவர்கள் இருப்பார்கள். தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிஷத்துக்கு எண்பது சொல் அளவில் போகும். சிலர் வேகம், சிலர் மெது என்பதால் உங்கள் குரலில் ஒரு பத்தியை வாசித்து நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். நாலரை நிமிஷத்தில் பாதிக்கு மேல் குரல் இருக்கக் கூடாது. ஆகவே நீங்கள் எழுத வேண்டியது 180 சொல்லுக்குள்தான், ஒரு பக்கம்கூட வராது.

நீங்கள் சொன்ன இரண்டு மூன்று தகவலை வைத்து ஒரு மாதிரி எழுதிப் பார்க்கிறேன். இடையில் உள்ள விவரங்கள் நான் இட்டு நிரப்பியவை, அங்கே உங்கள் வீட்டு விவரங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். குரல் உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம்.

'காலை ஆறு மணிக்கு அப்பா கடையைத் திறப்பார். முதல் வேலை, எல்லாச் சைக்கிளிலும் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது. பம்பைத் தொடும் முன் டயரைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார்.

'கடையில் இருபத்திரண்டு சைக்கிள்கள் இருந்தன. பின் மட்கார்டில் வெள்ளைப் பெயின்டால் நம்பர் போட்டிருக்கும். அத்தனையும் அப்பா கையெழுத்து. எட்டாம் நம்பர் மட்டும் வாடகைக்குப் போகாது. அது அம்மாவைச் சந்தைக்குக் கூட்டிப்போகிற சைக்கிள்.

'யார் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரைமணி நேரம் பிந்தி வந்தால், அந்த நோட்டைத் திறக்கமாட்டார்.

'அதிகம் பேசமாட்டார். கடைக்கு வந்தவர் பேசிக்கொண்டே இருந்தால், கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

'எங்கள் இரண்டு பேருக்கும் சைக்கிள் பழக்கியது அப்பாதான். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவருவார். எந்த இடத்தில் கையை விட்டார் என்று கேட்டால் சிரிப்பார்.

'தொண்ணூறுகளின் கடைசியில் வாடகைச் சைக்கிள் எடுக்க ஆள் குறைந்தது. ஒவ்வொன்றாக விற்றார். கடை ஸ்பேர்பார்ட்ஸ் கடையானது. அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தான். அப்பா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காற்றடிக்க வருகிறவர்களுக்குக் காற்றடித்துக் கொடுத்தார்.

'சென்ற தை மாதம் அப்பா காலமானார். வயது எழுபத்து மூன்று.

'எட்டாம் நம்பர் சைக்கிள் வீட்டில் இருக்கிறது.'

இவ்வளவுதான், 130 சொல் சுமாருக்கு. இரண்டு நிமிஷத்துக்குள் வாசித்துவிடலாம்.

இதில் 'அன்பான', 'நேர்மையான', 'எளிமையான' என்று ஒரு அடைமொழியும் இல்லை. தாராள மனசு என்று எழுதவில்லை, நோட்டைத் திறக்கமாட்டார் என்று மட்டும் இருக்கிறது. மீதியைக் கேட்கிறவர் சொல்லிக்கொள்வார். அவர் சொல்லிக்கொள்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டால் அவருக்கு வேலை இல்லாமல் போய்விடும், விளம்பரம் கேட்கிற மாதிரி கேட்கத் தொடங்குவார். சைக்கிள் பழக்கிய வரிக்குப் பிறகு 'வாழ்க்கையிலும் அப்படித்தான் எங்களைக் கைவிட்டு ஓடவிட்டார்' என்று ஒன்று சேர்க்கக் கை துடிக்கும். நீங்கள் சேர்க்காவிட்டால் எடிட்டிங் செய்கிறவர் எழுத்தில் போடலாமா என்று கேட்பார். இரண்டு பேரும் சேர்க்க வேண்டாம். கடைசி வரியோடு 'இன்றும் அதற்குக் காற்றடித்து வைக்கிறோம்' என்று எழுதவும் தோன்றும். உண்மையிலேயே அடித்து வைக்கிறீர்களென்றால் தாராளமாக எழுதுங்கள். வீடியோவுக்காக அன்றைக்கு மட்டும் அடிப்பதென்றால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

வினைச்சொற்களைக் கவனியுங்கள். 'திறப்பார், எழுதுவார், கேட்பார்' என்றே பெரும்பகுதி போகிறது. தினமும் செய்ததைச் சொல்ல நம் பேச்சில் இயல்பாக வருவது அதுதான். 'திறந்தார், எழுதினார்' என்று அடுக்கினால் வாழ்க்கை வரலாறு படிக்கிற தொனி வந்துவிடும். ஒரே ஒரு முறை நடந்தவற்றுக்கு இறந்தகாலம் வைத்திருக்கிறேன். விற்றார், கடையானது, காலமானார். அந்த மாற்றமே கேட்கிறவரைக் கொஞ்சம் நிறுத்தும்.

இறப்பை ஒரே வாக்கியத்தில், குரலை இறக்காமல் ஏற்றாமல் சொல்லுங்கள். 'காலமானார்' எந்த வீட்டுக்கும் பொருந்தும். 'சிவபதம் அடைந்தார்', 'இறைவனடி சேர்ந்தார்', 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்', 'இயற்கை எய்தினார்' எல்லாம் அவரவர் வீட்டு வழக்கம். அப்பா உயிரோடு இருந்தபோது அடுத்தவர் சாவைச் சொல்ல எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாரோ அதையே வையுங்கள். சாமி கும்பிடாத மனிதரை வீடியோவில் வைகுண்டத்துக்கு அனுப்பினால் அவருடைய நண்பர்களுக்குச் சங்கடமாக இருக்கும். நோய், ஆஸ்பத்திரி, கடைசி நாட்கள் எதுவும் வேண்டாம். அந்தப் படங்களும் வேண்டாம். 'இமயம் சரிந்தது', 'விண்ணுலகம் பறந்தாயோ' போன்றவை போஸ்டருக்கு என்றே வளர்ந்த பாஷை. போஸ்டர் தெருவில் போகிறவர் கண்ணை இழுக்க வேண்டும், உங்கள் வீடியோவுக்கு அந்தத் தேவை இல்லை.

தேதிகளில் ஒரு எச்சரிக்கை. திவசம் திதிப்படி வருவதால், இறந்த ஆங்கிலத் தேதியும் நீங்கள் கும்பிடுகிற நாளும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். திரையில் போடுவதென்றால் இறப்புச் சான்றிதழில் உள்ள தேதியைப் போடுங்கள். பிறந்த தேதி இன்னும் சிக்கல். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாக எழுதியதுதான் பிறந்த தேதி. சந்தேகம் இருந்தால் பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு மட்டும் போதும். தப்பான தேதியைப் பார்த்த பெரியப்பா படத்திறப்பு முடியும்வரை அதையே பேசிக்கொண்டிருப்பார்.

அம்மாவைப் பேசவைக்கலாமா என்பது அவர் விருப்பம். பேசினால் கேமராவுக்கு முன் உட்காரவைத்து, 'அப்பாவைப் பற்றிச் சொல்லுங்க' என்று கேட்காதீர்கள். அடுப்படியிலோ திண்ணையிலோ வழக்கமாக உட்காருகிற இடத்தில், நீங்கள் மட்டும் பக்கத்தில் இருந்து, சந்தைக்குப் போன கதையைக் கேளுங்கள். அவர் அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டாராக இருக்கலாம். 'அவுக', 'உங்கப்பா' என்று எப்படிச் சொல்கிறாரோ அப்படியே இருக்கட்டும், பெயரைச் சொல்லச் சொல்லி இரண்டாம் முறை எடுக்க வேண்டாம். அழ ஆரம்பித்தால் பதிவை நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே பதிவாகியிருந்தால் அந்தப் பகுதியைப் போடாதீர்கள். அழுகிற முகத்தைப் பெரிதாக்கி மெதுவாக ஓட்டுவது சில ஸ்டுடியோக்களின் பழக்கம், முதல் நாளே மறுத்துவிடுங்கள். அம்மாவின் குரல் இருபது விநாடி இருந்தால் போதும். அந்த நேரத்தில் திரையில் அவர் முகம் வேண்டாம், எட்டாம் நம்பர் சைக்கிளோ பழைய கல்யாணப் படமோ இருக்கட்டும்.

அடுத்தது அண்ணன் விஷயம். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடை அப்பா ஆரம்பித்தது, கடையைச் சொல்லாமல் அப்பாவைச் சொல்ல முடியாது. மேலே உள்ள மாதிரியில் முக்கால்வாசி கடைதான். ஆகவே கடை வேண்டாம் என்று சண்டை போடாதீர்கள், கடை எந்த இடத்தில் வருகிறது என்று பேசுங்கள். நடுவில் வந்தால் அது அப்பாவின் இடம். கடைசியில் பெயர்ப்பலகை, போன் நம்பர், 'உங்கள் நல்லாதரவுடன் எங்கள் சேவை தொடரும்' என்று வந்தால், அதுவரை பார்த்த நாலு நிமிஷமும் அதற்கு முன்னோட்டமாக மாறிவிடும். பார்த்தவர்கள் வெளியே போய் அதைத்தான் பேசுவார்கள், அது அண்ணனுக்கும் நல்லதில்லை. பழைய பெயர்ப்பலகைப் படம் இருந்தால் ஆறாவது பத்தியில், கடை மாறிய இடத்தில் பத்து விநாடி நிறுத்துங்கள். பலகையில் இருக்கிற பெயரை எல்லோரும் படித்துவிடுவார்கள், குரலில் சொல்லத் தேவையே இல்லை. புதுக் கடையின் லோகோ மட்டும் வேண்டாம்.

விற்பனைத் தொனி வேறு வாசல்களிலும் நுழையும். திரையின் மூலையில் ஸ்டுடியோவின் பெயர் நாலரை நிமிஷமும் நின்றுகொண்டிருக்கும். பணம் பேசும்போதே அதை எடுக்கச் சொல்லிவிடுங்கள். அடுத்தது குரல். பண்டிகைத் தள்ளுபடி விளம்பரத்துக்குப் பேசுகிற அதே கனத்த குரலை வரவழைத்து, எக்கோ வேறு சேர்ப்பார்கள். மண்டபத்தில் ஏற்கெனவே எதிரொலி உண்டு, அதன்மேல் இதுவும் சேர்ந்தால் ஒரு சொல்லும் புரியாது. உங்கள் குரலிலேயே பேசுங்கள். அதிகாலையில், மின்விசிறியை அணைத்து, துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் எதிரே உட்கார்ந்து, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பதிந்தால் போதுமான தரம் கிடைக்கும். தொண்டை அடைத்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, அந்தப் பத்தியை முதலிலிருந்து வாசியுங்கள். மூன்றாவது வாசல், வந்திருக்கும் பிரமுகர்களின் பெயரும் 'இவண்' போட்டு வரும் குடும்பப் பட்டியலும். அவை அழைப்பிதழிலேயே இருக்கின்றன. வீடியோவில் போட்டால் விட்டுப்போன ஒரு பெயருக்காக வருஷக்கணக்கில் மனஸ்தாபம் ஓடும்.

இனி வேகம். உங்களிடம் எண்பது படம் இருக்கலாம், ஸ்டுடியோ எண்பதையும் போட்டுவிடும். ஒவ்வொன்றும் மூன்று விநாடியில் ஓடினால் யாரையும் பார்த்த மாதிரி இருக்காது. நாலரை நிமிஷத்துக்கு இருபத்தைந்து, முப்பது படத்துக்கு மேல் வேண்டாம். தனி ஆள் படத்துக்கு ஏழெட்டு விநாடி. குழுவாக நிற்கிற படத்துக்குப் பத்து விநாடி கொடுங்கள், ஏனென்றால் பார்க்கிறவர்கள் முதலில் அப்பாவைத் தேடுவார்கள், பிறகு தங்களைத் தேடுவார்கள். இரண்டாவது தேடலுக்கும் நேரம் வேண்டும்.

குரலும் படமும் ஒரே நொடியில் தொடங்கக் கூடாது. படம் வந்து இரண்டு மூன்று விநாடி சும்மா இருக்கட்டும், பிறகு குரல் வரட்டும். குரல் முடிந்தபின் இன்னொரு மூன்று விநாடி படம் நிற்கட்டும். மெதுவாக இருப்பது என்பதில் பெரும்பங்கு இந்த இடைவெளிதான், மெதுவாகப் பேசுவது அல்ல. இழுத்து இழுத்துப் பேசினால் நாடகமாகிவிடும். சாதாரணமாகப் பேசிவிட்டு நிறுத்துங்கள். 'வயது எழுபத்து மூன்று' என்றதும் குரலும் இசையும் இல்லாமல் ஆறு விநாடியாவது ஒரு படம் நிற்கட்டும். எடிட்டிங் அறையில் அந்த ஆறு விநாடி மிக நீளமாகத் தெரியும், எடிட்டர் வெட்டலாம் என்பார். மண்டபத்தில் அது நீளமாக இருக்காது.

படத்தை உள்ளே இழுக்கும் அசைவு வேண்டுமென்றால், எட்டு விநாடியில் நூற்றுக்கு மூன்று நாலு பங்கு பெரிதாகும் அளவுக்குப் போதும். அசைகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால் அது அதிகம். ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு ஒரு விநாடியில் கரைந்து மாறட்டும். முகத்தின்மேல் முகம் கரையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு முகமும் கலந்து ஒரு கணம் விகாரமாகத் தெரியும். நடுவில் ஒரு கடைப் படமோ பொருளின் படமோ வைத்தால் தப்பித்துவிடலாம். பூ உதிர்வது, மேகத்தில் முகம் தெரிவது, புறா பறப்பது, விளக்குச் சுடர் எரிவது எல்லாம் மென்பொருளோடு சும்மா வருபவை, அவற்றுக்கும் உங்கள் அப்பாவுக்கும் சம்பந்தமில்லை.

பழைய படங்களைப் போனில் படமெடுத்து அனுப்பினால் மூலையில் மின்விளக்கின் வெளிச்சம் பளிச்சென்று விழும். ஸ்கேன் செய்யுங்கள். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 300 டிபிஐ போதும். பாஸ்போர்ட் படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் 1200-ல் வைத்து எடுங்கள், பெரிய திரைக்குத் தாங்கும். நெட்டுக்குத்தான படத்தைத் திரை அகலத்துக்கு இழுக்க விடாதீர்கள், முகம் ஊதிவிடும். இரண்டு பக்கமும் வெறும் கருஞ்சாம்பல் நிறமாக இருக்கட்டும்.

திரையில் எழுத்து எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. குரல் சொல்வதையே எழுத்திலும் ஓட்டினால் எல்லோரும் எழுத்தைப் படிப்பார்கள், அப்பாவைப் பார்க்கமாட்டார்கள். காது சரியாகக் கேட்காத பெரியவர்களுக்காக வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒரே வரி, ஐந்தாறு சொல், கீழே. அந்த வரியை மனதுக்குள் இரண்டு முறை நிதானமாகப் படிக்க எவ்வளவு நேரமாகிறதோ அவ்வளவு நேரம் நிற்கட்டும்.

இசைக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம் என்பது என் கருத்து. அப்பா பாட்டு என்று எதைப் போட்டாலும் கூட்டத்தில் பாதிக்கு அந்தப் படமும் அந்த நடிகரும் நினைவுக்கு வருவார்கள். அவர் தினமும் கடை ரேடியோவில் கேட்ட பாட்டு என்று ஒன்று உண்மையாக இருந்தால் மட்டும், அதைக் கடைப் படங்களின்போது அரை நிமிஷம் மெல்லிய சத்தத்தில் போடலாம். மற்றபடி ஒரே ஒரு வாத்தியம், வீணையோ புல்லாங்குழலோ, தாளம் இல்லாமல். குரல் வரும்போது இசை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குக் கீழே போக வேண்டும். முடிவில் உச்சத்துக்கு ஏறுகிற இசையை எடிட்டர் பரிந்துரைப்பார். அது மேடையில் பரிசு கொடுக்கும்போது போடுவது.

எழுதி முடித்ததும் தாளைக் குடும்பத்தில் அம்மா, அண்ணன் தவிர இன்னும் ஒருவருக்கு மட்டும் காட்டுங்கள். பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்துப் பேரும் ஆளுக்கொரு வரி சேர்ப்பார்கள், எல்லாமே அடைமொழியாகத்தான் இருக்கும். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அவர் 'இது அப்படி இல்லை' என்று திருத்தினால் திருத்துங்கள். ஒரு விவரம் வெளியே தெரிய வேண்டாம் என்று அவர் நினைத்தால், எவ்வளவு நல்ல வரியானாலும் எடுத்துவிடுங்கள்.

மண்டபத்தில் கவனிக்க வேண்டியவை சில. திறக்கப்போகும் படத்தை வீடியோவில் எங்கும் காட்டாதீர்கள். திரை விலகும்போது அந்த முகத்தை அன்றைக்கு முதல் முறையாகப் பார்க்க வேண்டும். வீடியோவின் கடைசியில் பெயரும் இரண்டு ஆண்டுகளும் எட்டு விநாடி, அதற்குப் பிறகு பத்து விநாடி வெறும் கறுப்புத் திரையையும் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் முடிந்த மறுநொடி லேப்டாப்பின் முகப்பு ஐகான்களோடு தெரியும், அல்லது பென்டிரைவில் அடுத்து இருக்கிற கல்யாண வீடியோ தானாக ஓட ஆரம்பிக்கும். பென்டிரைவில் இந்த ஒரு கோப்பு மட்டும் இருக்கட்டும். மதியமே போய், மண்டபத்துத் திரையிலும் ஸ்பீக்கரிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். குரல் தெளிவில்லை என்றால் இசையை இன்னும் குறைக்க அப்போதுதான் நேரம் இருக்கும். பந்தி எப்போது, எங்கே என்ற அறிவிப்பை வீடியோ முடிந்த கையோடு சொல்ல வேண்டாம், படம் திறந்து மலர் தூவி முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்ப யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால், அதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கேட்காமலேயே அங்கே விளம்பரம் வரலாம். சினிமாப் பாட்டு இருந்தால், உரிமை வைத்திருக்கும் நிறுவனம் உரிமை கோரி அதன்மேல் விளம்பரம் ஓட்ட முடியும். பாட்டே இல்லாவிட்டாலும், சிறிய சேனல்களின் வீடியோக்களில் விளம்பரம் போடும் உரிமையை யூடியூப் தன் விதிகளில் வைத்துக்கொண்டிருக்கிறது. தேடலில் வராத 'அன்லிஸ்டட்' வகையில் வைத்தாலும் இது நீங்காது. அப்பாவின் வீடியோவுக்கு முன்னால் சோப்பு விளம்பரம் வருவதைவிட, வாட்ஸ்அப்பில் அனுப்புவது மேல். சாதாரண வீடியோவாக அனுப்பினால் சுருக்கிக் கெடுத்துவிடும் என்பதால் டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள். 2 ஜிபி வரை போகும், நாலரை நிமிஷக் கோப்பு நல்ல தரத்தில் 300 எம்பிக்குள் அடங்கிவிடும். ஸ்டுடியோ தன் பக்கத்தில் மாதிரிக்காகப் போடுவதற்கு அனுமதி இல்லை என்பதையும் பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.